"இப்ப வேகன்சி இல்லைத் தம்பி" என்று பதில் வந்தால்

கேள்வி: "நான் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல், இறுதி வருஷம். உணவுத் தொழிற்சாலையில் கியூஏ, அதாவது தர உறுதிப்பாட்டு வேலை எப்படி இருக்கும் என்று அந்த வேலையில் இருக்கிற ஒருவரோடு 20 நிமிஷம் கதைத்துத் தெரிந்துகொள்ள விருப்பம். எங்கள் டிபார்ட்மென்டில் எட்டு பட்ச் முன்னம் படித்த அக்கா ஒருவர் குருணாகல் பக்கம் தேங்காய்ப் பொருள் ஏற்றுமதித் தொழிற்சாலையில் இருக்கிறா. அவவுக்கு எழுத முதல் வேறு இரண்டு சீனியர்மாருக்கு எழுதிப் பார்த்தேன். ஒருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். மற்றவர் 'இப்ப வேகன்சி இல்லைத் தம்பி' என்று போட்டார். நான் வேலையே கேட்கவில்லை! நான் அனுப்பினது இதுதான்: 'வணக்கம் சேர், நான் யாழ் கம்பஸ் மாணவன். உணவுத் துறையில் மிகுந்த ஆர்வம் உள்ளவன். உங்கள் துறை பற்றியும் அதிலுள்ள வாய்ப்புகள் பற்றியும் அறிய விரும்புகிறேன். உங்கள் பெறுமதியான நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கி வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும். எனது சிவியை இணைத்துள்ளேன். நன்றி.' அக்காவுக்கு என்ன எழுதலாம்?"

நீங்கள் வேலைதான் கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். நடுவில் "வாய்ப்புகள்" என்று ஒரு சொல், கடைசியில் ஒரு சிவி. இந்த இரண்டும் ஒரே செய்தியில் வந்தால் வாசிக்கிறவருக்கு வேறு அர்த்தம் தோன்றாது. அந்த அண்ணன் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. தனக்கு விளங்கின கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பேசாமல் இருந்தவருக்கும் அதேதான் விளங்கியிருக்கும். "இல்லை" என்று சொல்ல மனம் வராமல் விட்டிருப்பார்.

நான் 13 வருஷம் உணவுத் தொழிற்சாலைகளில், முதலில் வாசனைத் திரவியம், பிறகு தேங்காய், கியூஏ பக்கம் நின்றவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இப்படியான செய்திகள் எனக்கும் நிறைய வந்தன. அவற்றை எந்த நிலையில் வாசிப்போம் என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எப்படி எழுத வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. உற்பத்திப் பகுதிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அது லொக்கரில் கிடக்கும். தேத்தண்ணி இடைவேளையில் தலைவலையைக் கழற்றி, கையைத் துடைத்து, போனை எடுத்தால் இருபது முப்பது செய்தி நிற்கும். வீட்டிலிருந்து வந்தது, லொறி பிந்துகிறது என்று வந்தது, மேலிடத்திலிருந்து வந்தது எல்லாம் ஒன்றாக. அதற்குள் உங்களுடையதும் ஒன்று. திரையில் முதல் ஒன்றரை வரிதான் தெரியும். "வணக்கம் சேர், நான் யாழ் கம்பஸ் மாணவன். உணவுத் துறையில் மிகுந்த ஆர்வம்..." என்று கண்டதும் மிச்சத்தை ஊகித்துவிடுவோம். திறந்து பார்த்து சிவியும் இருந்தால் எச்ஆருக்கு அனுப்புவோம், அல்லது "பிறகு பார்ப்போம்" என்று விடுவோம். அந்தப் பிறகு வராது.

நான் படிப்பு முடித்த காலத்தில் இதைவிட மோசமாகச் செய்தவன். ஒரே தொழிற்சாலையில் இருந்த ஐந்து சீனியர்மாருக்கு ஒரே மின்னஞ்சலை, பெயரை மட்டும் மாற்றி, ஒரே இரவில் அனுப்பினேன். அந்த ஐந்து பேரும் மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? "உனக்கும் வந்ததா?" என்று சிரித்துவிட்டு, ஐந்து பேரும் மற்றவர் பதில் போடுவார் என்று விட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அதிலொருவரோடு வேலை செய்தபோதுதான் கதை வெளியில் வந்தது. அதனால் அக்காவுக்கு எழுதுகிற அன்று அதே தொழிற்சாலையில் வேறொருவருக்கும் எழுதாதீர்கள். இவர் பதில் போடவில்லை என்று உறுதியான பிறகு மற்றவரிடம் போகலாம்.

சரி, அந்த ஒன்றரை வரியில் என்ன இருக்க வேண்டும்? நீங்கள் யார், அவரோடு உங்களுக்கு என்ன தொடர்பு, அவ்வளவுதான். "யாழ் கம்பஸ் மாணவன்" என்பது பெரிய தொடர்பில்லை, ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருந்தும். "யாழ் விஞ்ஞான பீடம், இரசாயனவியல், இறுதி வருஷம்" என்றால் அவருக்கு ஆய்வுகூடமே நினைவுக்கு வரும். அதே மேசை, அதே ஒழுகுகிற தண்ணிக் குழாய். ஆர்வம், கடின உழைப்பு, சிறுவயதுக் கனவு எதுவும் அங்கே வேண்டாம்.

எப்படிக் கூப்பிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எட்டு பட்ச் வித்தியாசம் என்றால் "அக்கா" சரி. கம்பஸில் அதுதான் வழக்கம், அவரும் தன் சீனியர்மாரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். "மேடம்" என்று போட்டீர்களோ அது விண்ணப்பக் கடிதமாகிவிடும். இருபத்தைந்து முப்பது வருஷம் மூத்தவர், உங்கள் விரிவுரையாளர்களுக்கே சீனியர் என்றால் "சேர்", "மிஸ்" பொருத்தம். உறவுமுறையை அவரே மாற்றினால் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, நீங்கள் ஒரு பெடியன், அவர் உங்களுக்கு அறிமுகமில்லாத பெண். லிங்க்ட்இனில் எழுதினால் லிங்க்ட்இனிலேயே நில்லுங்கள். பேஸ்புக்கில் தேடிப் போகாதீர்கள், வட்ஸ்அப் இலக்கம் கேட்காதீர்கள், இரவு 11 மணிக்கு அனுப்பாதீர்கள். எந்த வழியில் கதைப்பது என்று அவர் தெரிவு செய்யட்டும். "அக்கா நீங்கள் எந்த ஊர்?" என்றும் கேட்க வேண்டாம். நீங்கள் நல்ல மனதோடு கேட்டாலும், எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு ஒரு கேள்வி ஒளிந்திருப்பது வழக்கம். அதைப் பலமுறை கேட்டுச் சலித்தவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவோ மாமாவோ "எனக்கு அவளின் பெரியம்மாவைத் தெரியும், நான் சொல்லிவிடுகிறேன்" என்று கிளம்பக்கூடும். தடுத்துவிடுங்கள். பெரியவர்கள் வழியாகப் போனால் பதில் நிச்சயம் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது கடமைக்கு வருகிற பதில். போன் எடுத்ததும் அவர் "சிவியை அனுப்புங்கோ தம்பி, பார்ப்பம்" என்பார், இருந்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். பெரியம்மாவுக்குச் சொன்ன பிறகு தன் வேலையின் குறைகளை வாய் திறந்து சொல்லவும் மாட்டார். உங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தக் குறைகள்தானே.

இனிக் கேள்வி. இந்தச் செய்தியின் முதுகெலும்பு ஒரே ஒரு கேள்விதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றின மரியாதை. "உங்கள் துறை பற்றிச் சொல்லுங்கள்" என்றால் அவர் எங்கே தொடங்குவது? "கியூஏ என்றால் என்ன வேலை?" என்பதற்கும் "என்ன தகைமை வேண்டும்?" என்பதற்கும் விடை வேலை விளம்பரத்திலேயே இருக்கிறது, அதைக் கேட்டால் நீங்கள் ஒன்றும் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். அந்த வேலையில் நிற்கிறவருக்கு மட்டும் தெரிந்த, ஆனால் அவர் யோசிக்காமலே பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும்.

அப்படியொரு கேள்வியை எங்கே தேடுவது? உங்கள் விஷயத்திலேயே செய்து காட்டுகிறேன். உணவுத் தொழிற்சாலைக் கியூஏ எக்ஸிகியூட்டிவ் வேலை விளம்பரம் பத்தை எடுத்து இரண்டு பின்னேரம் வாசியுங்கள். தகைமை என்ற இடத்தில் உணவு விஞ்ஞானம், இரசாயனவியல், நுண்ணுயிரியல் என்று பட்டங்கள் வரும். அதற்குக் கீழே வேலை விவரம் என்ற இடத்தில் என்ன வருகிறது? உற்பத்தித் தளச் சோதனை, ஹசப் என்கிற உணவுப் பாதுகாப்பு முறையின் பதிவேடுகள், ஓடிட்டுக்கு ஆயத்தம் செய்தல், வாடிக்கையாளர் முறைப்பாடு. குடுவையும் பியூரெட்டும் எங்கே? இரசாயனவியல் பட்டம் கேட்கிறார்கள், ஆனால் வேலையில் இரசாயனவியலைக் காணவில்லை. இந்தப் பொருத்தமின்மைதான் உங்கள் கேள்வி. ஒரு நாளில் ஆய்வுகூட மேசையில் நிற்பது உண்மையில் எவ்வளவு நேரம்? இதற்கு விளம்பரத்தில் விடை இல்லை, அக்காவிடம் இருக்கிறது. அவர் சொல்லப்போவதை வைத்து நீங்கள் ஒரு முடிவும் எடுக்கலாம். நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் நிற்க ஆசையென்றால் பரிசோதனை ஆய்வுகூடங்களைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தொழிற்சாலை.

என் அனுபவத்தில் அதற்கு விடை, மிகக் குறைவு என்பதுதான். உலர் தேங்காய்த் துருவல் செய்கிற இடத்தில் ஈரப்பதன் பார்ப்போம், அது 3 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கட்டற்ற கொழுப்பமிலத்துக்கு டைட்ரேஷன் செய்வோம். நீங்கள் கம்பஸில் செய்த அதே பினோல்ப்தலீன், அதே இளஞ்சிவப்பு. ஆனால் அதை ஆய்வுகூட உதவியாளர் செய்வார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். சல்மொனெல்லா என்கிற கிருமிச் சோதனைக்கு மாதிரி பல இடங்களில் வெளி ஆய்வுகூடத்துக்குப் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் நடை. மெட்டல் டிடெக்டரை மணிக்கொரு தரம் சோதிக்க வேண்டும். இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று சிறு துண்டுகளைப் பொதியோடு சேர்த்து விட்டுப் பார்ப்போம். ஸ்டெயின்லெஸ் துண்டுதான் கண்ணில் மண் தூவப் பார்க்கும். மூன்றில் ஒன்றை இயந்திரம் தள்ளாமல் விட்டதோ, லைன் நிற்க வேண்டும். கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு போன பொதியெல்லாவற்றையும் ஒதுக்கி வைத்து, இயந்திரத்தைச் சரி செய்து, திரும்ப ஓட்ட வேண்டும். அது இரவு இரண்டு மணிக்கு நடந்து, விடிய ஆறு மணிக்குக் கொள்கலன் ஏற்ற லொறி வருகிறது என்று வையுங்கள். உற்பத்தி மேற்பார்வையாளர் உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லைனை நிறுத்தச் சொல்கிற வாய் உங்களுடையது. கியூஏ வேலையின் பாரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, பியூரெட்டில் இல்லை.

இது நான் கண்ட இரண்டு வகைத் தொழிற்சாலைகளின் கதை. பெரிய பிஸ்கற், பால்மாத் தொழிற்சாலைகளில் ஆய்வுகூடம் தனிப் பிரிவாகவே இருக்கும், அங்கே நாள் முழுக்க மேசையில் நிற்கிறவர்களும் உண்டு. ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற பரிசோதனை ஆய்வுகூடம் முற்றிலும் வேறு உலகம். அதனால் அக்கா நான் சொன்னதற்கு எதிராகச் சொன்னால் அவரை நம்புங்கள். அவர் இன்று அங்கே நிற்கிறவர்.

இரவு இரண்டு மணிக் கதையை வைத்து "லைனை நிறுத்துகிற அதிகாரம் உண்மையில் யாரிடம்?" என்று கேட்க ஆசை வரும். அருமையான கேள்விதான், ஆனால் செய்தியில் எழுத வேண்டாம். எழுத்தில் அது ஓடிட்டர் கேட்கிற மாதிரி இருக்கும், அவர் நிறுவனத்தைப் பற்றி எழுத்தில் பதில் சொல்லவும் தயங்குவார். கதைக்கும்போது, பத்து நிமிஷம் போன பிறகு கேளுங்கள். சம்பளமும் அப்படித்தான். "உங்களுக்கு எவ்வளவு?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "புதிதாகச் சேருகிறவருக்கு எந்த அளவில் இருக்கும்?" என்று முடிகிற நேரத்தில் கேட்டால் பலர் சொல்வார்கள்.

இப்போது செய்தி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் அக்கா,

நான் (உங்கள் பெயர்), யாழ் விஞ்ஞான பீடம், இரசாயனவியல், இறுதி வருஷம். நீங்களும் எங்கள் டிபார்ட்மென்ட் என்று உங்கள் பக்கத்தில் பார்த்து எழுதுகிறேன்.

கியூஏ வேலை விளம்பரங்களில் இரசாயனவியல் பட்டம் கேட்கிறார்கள். ஆனால் வேலை விவரத்தில் தளச் சோதனையும் பதிவேடும் ஓடிட்டும்தான் இருக்கின்றன. ஒரு நாளில் ஆய்வுகூட மேசையில் நிற்பது உண்மையில் எவ்வளவு நேரம்? தொழிற்சாலைக்குப் போவதா, பரிசோதனை ஆய்வுகூடத்துக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

இது பற்றி உங்களோடு 20 நிமிஷம் கதைக்க முடியுமா? சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குப் பிறகு எனக்கு வசதி, வேறு நேரம் என்றாலும் சரி. போனோ, சூமோ, உங்களுக்கு எது சுகமோ அது. நேரமில்லை என்றால் இரண்டு வரியில் எழுதினாலும் எனக்குப் போதும்.

வேலை கேட்டு எழுதவில்லை, சிவியும் இணைக்கவில்லை.

நன்றி."

எண்பது தொண்ணூறு சொல்தான். ஒரு தேத்தண்ணி இடைவேளையில் வாசித்து முடிக்கலாம். இதில் இரண்டு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "நேரமில்லை என்றால் இரண்டு வரியில் எழுதினாலும்" என்பதை வெட்டிவிடாதீர்கள். ஓம் அல்லது இல்லை என்று மட்டும் வழி இருந்தால், இல்லை என்று சொல்லச் சங்கடப்படுகிறவர் பேசாமல் இருந்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்ல வராது. சின்னதாக ஒரு மூன்றாம் வழி இருந்தால் அதை எடுப்பார்கள். எனக்கு இப்படி எழுதினவர்களுக்கு இரண்டு வரி எழுத உட்கார்ந்து இருபது வரி எழுதியிருக்கிறேன், பிறகு "சரி, எடுங்கோ, கதைப்பம்" என்றும் போட்டிருக்கிறேன்.

மற்றது அந்த "வேலை கேட்டு எழுதவில்லை". இதில் எனக்கே முழு நிச்சயம் இல்லை. இல்லாத நினைப்பை அதுவே கிளப்பிவிடும் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் இறுதி வருஷ மாணவனிடமிருந்து வருகிற செய்தியில் அந்த நினைப்பு ஏற்கெனவே இருக்கும் என்பதால் நான் போடுவேன், ஆனால் கடைசியில், ஒரே ஒரு தரம். "நான் வேலை தேடவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறு மாதத்தில் தேடப்போகிறீர்கள், அது அவருக்கும் தெரியும். இந்தச் செய்தி வேலைக்காக இல்லை என்பது உண்மை, அதை மட்டும் சொன்னால் போதும். சிவியைக் கதைத்த பிறகு அவராகக் கேட்டால் அனுப்புங்கள்.

நீங்கள் லிங்க்ட்இனில் அவரோடு இன்னும் இணையவில்லை என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைப்பு அழைப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்புக்கு இலவசக் கணக்கில் 200 எழுத்துதான் இடம், அப்படிக் குறிப்போடு மாதத்தில் அனுப்பக்கூடிய அழைப்புகளும் ஒரு சிலதான். தமிழில் அந்த 200 இன்னும் சுருங்கும். "கு" நமக்கு ஓரெழுத்து, கணனிக்குக் ககரம் ஒன்று, உகரக் கொம்பு ஒன்று என்று இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியையும் தனியாக எண்ணும். ஆகவே மேலே உள்ளதை அதில் திணிக்க முடியாது. இது கொள்ளும்: "வணக்கம் அக்கா. யாழ் விஞ்ஞான பீடம், இரசாயனவியல், இறுதி வருஷம். நீங்கள் பார்க்கும் தர உறுதிப்பாட்டு வேலை பற்றி ஒரு கேள்வி உண்டு. வேலை கேட்டு எழுதவில்லை. ஏற்றுக்கொண்டால் விவரமாக எழுதுகிறேன்." அவர் ஏற்றுக்கொண்டதும் நன்றி சொல்லிவிட்டு மூன்று நாள் காத்திருக்காமல் அன்றே முழுச் செய்தியையும் அனுப்புங்கள். பிந்தினால் யார் நீங்கள் என்பதே மறந்துபோகும்.

தமிழிலா இங்கிலீஷிலா என்றால், லிங்க்ட்இன் செய்திப் பெட்டியிலோ சொந்த மின்னஞ்சலிலோ எழுதும்போது தமிழ் நல்லது. அது ஒரு நெருக்கம் தரும். தொழிற்சாலை மின்னஞ்சல் முகவரிதான் கிடைத்தது என்றால் இங்கிலீஷ், ஏனென்றால் அதைப் பக்கத்து மேசைச் சிங்களச் சகோதரர் பார்த்தாலும் அக்கா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவை வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பது மட்டும் வேண்டாம். நண்பர்களுக்குள் அது சரி, முன்பின் தெரியாதவருக்கு அதை வாசிப்பது கல் பொறுக்கிற வேலை. நாளைக்கு இதே செய்தியை ரொறன்ரோவில் இருக்கிற ஒருவருக்கு அனுப்புவதாக இருந்தால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். மாரியில் அவர்கள் எங்களுக்கு பத்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் ஒன்பதரை. யாழ்ப்பாணத்தில் மாலை 6 மணி அவருக்குக் காலை ஏழரை அல்லது எட்டரை. "மாலை 6 மணி" என்று மட்டும் போட்டால் யாருடைய மாலை என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும், கேட்க மாட்டார்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? ஒரு கிழமை, பத்து நாள் விடுங்கள். ஏற்றுமதித் தொழிற்சாலையில் மாத முடிவும் ஓடிட் கிழமையும் மனிதரைப் பிழிகிற நாட்கள், அந்த நேரம் நான் வீட்டுக்கே போன் எடுத்ததில்லை. பிறகு ஒரு தரம், அதே செய்திக்குக் கீழே: "அக்கா, இது வேலை நெருக்கத்தில் தவறியிருக்கலாம் என்று மேலே கொண்டுவருகிறேன். இப்போது வசதியில்லை என்றால் பரவாயில்லை." அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது தரம் எழுதிப் பதில் பெற்றவரை நான் கண்டதில்லை, மூன்றாவது தரம் எழுதி மேசையில் பெயர் கெட்டவரைக் கண்டிருக்கிறேன். எத்தனை பேருக்கு எழுதினால் எத்தனை பேர் பதில் போடுவார்கள் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. எல்லாச் சரியும் செய்தும் பதில் வராமல் போவது உண்டு. அது உங்கள் எழுத்தின் பிழையாக இருக்கத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொன்னதெல்லாம் தொழிற்சாலை மனிதர்களை வைத்து. வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ இருக்கிறவர்கள் போனைக் கையிலேயே வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு ஒரு கிழமை என்பது நீளமாக இருக்கலாம்.

"ஞாயிறு ஐந்து மணிக்கு எடுங்கோ" என்று பதில் வந்தால் ஐந்து மணிக்கே எடுங்கள், ஐந்து பத்துக்கு இல்லை. முதல் கேள்வி செய்தியில் கேட்டதுதான், வேறு எதையும் புதிதாகக் கிளப்பாதீர்கள். அவர் பேசட்டும். பதினெட்டாவது நிமிஷத்தில் நீங்களே "அக்கா, கேட்ட நேரம் முடியப்போகுது" என்று சொல்லுங்கள். தொடர விரும்பினால் அவர் தொடர்வார், என்னோடு கதைத்த பிள்ளைகளில் அப்படிச் சொன்னவர்களோடுதான் நான் கூட நேரம் கதைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன், பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற யாரையாவது தெரியுமா, அவரிடம் உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். அவர் தருகிற பெயருக்கு நீங்கள் எழுதப்போகிற அடுத்த செய்தியின் முதல் வரி, இந்த அக்காவின் பெயரோடு தொடங்கும்.

மறுநாள் ஒரு நன்றி. "பெறுமதியான நேரத்துக்கு நன்றி" என்று வெறுமனே போடாமல், அவர் சொன்ன ஒன்றை வைத்து எழுதுங்கள். ஒரு பிள்ளை எனக்கு எழுதினது இன்னும் போனில் இருக்கிறது: "அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி மெட்டல் டிடெக்டர் சோதனைப் பதிவேடு ஒன்றின் மாதிரியைத் தேடி வாசித்தேன். கடைசி நிரலில் 'எடுத்த நடவடிக்கை' என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பெட்டி எல்லா வரியிலும் வெறுமையாக இருக்கிறது. அது நல்லதா, சந்தேகப்பட வேண்டியதா?" அதற்குப் பதில் எழுத எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.